‘இனிப்பு நீருக்கு விடை கொடுங்கள்’ என்று எழுதாதீர்கள்

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் தனியாகத் தொழில் தொடங்கும் டயட்டீஷியன்களின் அறிமுக விளம்பரத்தில் நீரிழிவைப் பற்றி இந்த மாதிரி வரியைப் பார்க்கலாம்: “மூன்றே மாதத்தில் இனிப்பு நீருக்கு விடை கொடுங்கள்!” கீழே ஓர் அக்காவின் படம், அவருடைய நன்றி, ஹெச்பிஏ1சி 9.4-லிருந்து 6.7 ஆனது என்ற கணக்கு. தயவுசெய்து இதைப் போடாதீர்கள்.

அந்த எண் உண்மையாகவே இருக்கட்டும். ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி சர்க்கரையைக் காட்டும். அதே மாதங்களில் டாக்டர் மெட்ஃபார்மின் மாத்திரையைக் கூட்டியிருப்பார், அக்கா மாலையில் நடக்க ஆரம்பித்திருப்பார், நீங்கள் சொன்னபடி தே தாரிக்கையும் இரண்டாம் முறை சோற்றையும் குறைத்திருப்பார். இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் அந்தப் படம் எல்லாவற்றையும் உங்கள் திட்டத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது. அதைப் படிக்கிற இன்னொருவர் இன்சுலினோ கிளிக்கிளசைடு மாத்திரையோ எடுப்பவராக இருந்து, மருந்தளவை மாற்றாமல் சோற்றை மட்டும் சட்டென்று நிறுத்தினால், சர்க்கரை தாழ்ந்து கைநடுக்கம், வியர்வை, மயக்கம் வரை போகலாம். இதுதான் எனக்குப் பெரிய பயம்.

திட்டத்தோடு மாவோ பானமோ விற்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம் தேவை. 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் பட்டியலிட்டிருக்கும் நோய்களில் நீரிழிவும் புற்றுநோயும் சிறுநீரக நோயும் உண்டு. ஒரு பொருள் அவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக்கூடாது.

அப்புறம், யாருக்குப் பார்க்கிறோம் என்று சொல்வது. “கிட்னி நோயாளிகளுக்கு” என்று மட்டும் எழுதினால் போதாது. டயாலிசிஸுக்கு முன்பு புரதத்தைக் குறைக்கச் சொல்கிறோம், டயாலிசிஸ் தொடங்கியதும் கூட்டச் சொல்கிறோம். இரண்டில் எதில் உங்களுக்கு அனுபவம் என்று எழுதுங்கள், இல்லாததை விட்டுவிடுங்கள்.

தகுதி விஷயம் சுருக்கமானது. சட்டம் 774-ன் கீழ் மலேசிய இணைச் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிந்திருந்தால் பதிவு எண்ணைப் போடுங்கள், பட்டத்தை எங்கே வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழைப் பட்டத்துக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வைக்காதீர்கள், படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

சரி, அந்த விளம்பர வரிக்குப் பதிலாக என்ன எழுதலாம்? இப்படி எழுதலாம்: “இரண்டாம் வகை நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு உணவு ஆலோசனை. முதல் சந்திப்பு ஒரு மணி நேரம், மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்பைக் கொண்டு வாருங்கள். சோறு, தோசை, ரொட்டி சானாயை விடாமலே அளவைப் பேசுவோம். இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களின் உணவுத் திட்டத்தை அவர்களுடைய டாக்டருக்குத் தெரிவித்த பிறகே தொடங்குவோம். பலன் ஆளுக்கு ஆள் மாறும்.”