சைட்லிங்க், அழைப்பு, இருப்பிட இணைப்புகள்: கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளம்பரத்தின் கீழே தோன்றி, தளத்தின் வேறொரு பக்கத்துக்குக் கொண்டுபோகும் துணை லிங்க்தான் சைட்லிங்க். கூகுள் ஆட்ஸ் கணக்கில் ஒரு சைட்லிங்க்கின் வரிசையில் 300 கிளிக் என்று இருப்பதைப் பார்த்து, அதை 300 முறை அழுத்தியிருக்கிறார்கள் என்று முடிவு செய்வதுதான் முதல் தவறு. அந்தச் சைட்லிங்க் விளம்பரத்தோடு சேர்ந்து தோன்றிய வேளைகளில், தலைப்பு உட்பட விளம்பரத்தின் எந்தப் பகுதியில் விழுந்த கிளிக்கும் அந்த வரிசையில் சேர்ந்துவிடுகிறது. இரண்டு சைட்லிங்க்குகளும் தொலைபேசியில் அழைக்க உதவும் ஓர் அழைப்பு இணைப்பும் ஒன்றாகத் தோன்றியிருந்தால், தலைப்பில் விழுந்த ஒரே கிளிக் மூன்று வரிசைகளிலும் எண்ணப்படும்.

ஒரு பல் மருத்துவமனையின் விளம்பரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மொத்தம் 500 கிளிக், செலவு 10,000 ரூபாய், கன்வர்ஷன், அதாவது முன்பதிவு போன்ற விரும்பிய செயல், 40. 'கட்டண விவரம்' என்ற சைட்லிங்க்கின் வரிசையில் 300 கிளிக்கும் 24 கன்வர்ஷனும், 'மருத்துவர்கள்' வரிசையில் 280 கிளிக்கும் 22 கன்வர்ஷனும், அழைப்பு வரிசையில் 350 கிளிக்கும் 28 கன்வர்ஷனும் இருக்கின்றன. கூட்டினால் 930 கிளிக், 74 கன்வர்ஷன். கூட்டுத்தொகை விளம்பரத்தின் மொத்தத்தை மீறுவதே இரட்டை எண்ணிக்கைக்கான தெளிவான அடையாளம்.

This extension vs. Other என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டுவரும் பிரிப்பின்படி பார்த்தால், 'கட்டண விவரம்' மீதே விழுந்தவை 24 கிளிக்கும் 3 கன்வர்ஷனும் மட்டுமே. மற்ற 276 கிளிக்கும் 21 கன்வர்ஷனும் விளம்பரத்தின் பிற பகுதிகளைச் சேர்ந்தவை. ஒரு கிளிக்குக்கு 20 ரூபாய் என்றால், சைட்லிங்க்கின் சொந்தச் செலவு 480 ரூபாய், ஒரு கன்வர்ஷனுக்கு 160 ரூபாய். முழு வரிசையை நம்பியிருந்தால் 250 ரூபாய் என்று வந்திருக்கும். அது விளம்பரத்தின் பொதுச் சராசரியே தவிர, சைட்லிங்க்கைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ஆயினும் 3 கன்வர்ஷனை வைத்து 160 ரூபாயைக் கொண்டாடுவதும் சரியல்ல; இன்னும் சில வாரங்களின் தரவு சேர வேண்டும்.

Click type பிரிப்பில் வேறொரு பொறி இருக்கிறது. அங்கே கிளிக்குகளைக் கூட்டலாம். இம்ப்ரெஷன்களைக் கூட்டக் கூடாது, ஏனெனில் ஒரே தோற்றம் தலைப்பு, சைட்லிங்க், அழைப்பு என ஒவ்வொரு வகையிலும் தனித்தனியாக எண்ணப்படலாம்.

சொந்தக் கிளிக் குறைவு என்பதற்காக இணைப்பை நீக்குவதும் அவசரமே. சைட்லிங்க் விளம்பரத்தைப் பெரிதாக்கி, தலைப்பின் கிளிக்கை உயர்த்தியிருக்கலாம். அந்தப் பங்கு இந்தப் பிரிப்பில் தெரியாது. இணைப்போடும் இணைப்பின்றியும் ஒரே காலத்தில் சோதனை நடத்தினால்தான் தெரியும்.

அழைப்பில், பொத்தானை அழுத்துவது ஒரு கிளிக் மட்டுமே. அழைப்பைக் கன்வர்ஷனாக ஏற்பதற்கான குறைந்தபட்ச நேரம் இயல்பாக 60 வினாடி. மருத்துவமனையில் முன்பதிவுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று வரவேற்பில் கேட்டு, அதை மாற்றிக்கொள்வது நல்லது. அழைத்துப் பேசியவரே பின்னர் இணையப் படிவத்தையும் நிரப்பினால், இரண்டு செயல்களும் முதன்மைக் கன்வர்ஷன்களாக இருக்கும்போது ஒரே நோயாளி இரண்டாக எண்ணப்படுவார். இருப்பிட இணைப்பில் வழி கேட்டு அழுத்தியதையும் நேரில் வந்ததாகக் கொள்ளாமல், தனி வரியிலேயே வைக்க வேண்டும்.