பிஎல்சி ப்ரோகிராமுக்கு முன் ஐ/ஓ பட்டியல்

பிஎல்சி மென்பொருளைத் திறக்கும் முன் எக்செல்லில் ஐ/ஓ பட்டியலைப் போட்டுவிடுங்கள். ஒரு பம்புக்கே மூன்று வரி வரும்: ஓட்டும் கட்டளை `P101_CMD`, ஓடுகிறது என்ற பதில் `P101_RUN`, ஓவர்லோடு ட்ரிப் `P101_TRIP`. முதலில் கருவியின் எண், பிறகு வேலை. அப்போதுதான் அகரவரிசையில் அடுக்கும்போது அந்தப் பம்பின் சிக்னல்கள் எல்லாம் ஒன்றாக நிற்கும். சிக்னலின் இந்தப் பெயரில், அதாவது டேகில், ஹைபன் வேண்டாம். பல மென்பொருள்கள் அதைக் கழித்தல் குறியாக எடுத்துக்கொள்ளும்.

பட்டியலில் பலரும் விட்டுவிடும் நெடுவரிசை ஒன்று உண்டு: சிக்னல் 1 என்றால் என்ன பொருள்? ட்ரிப்பை, சாதாரணமாக மூடியே இருக்கும் என்சி காண்டாக்டில் வயரிங் செய்திருந்தால், எல்லாம் சரியாக இருக்கும்போது 1 வரும். ட்ரிப் ஆனாலும் வயர் அறுந்தாலும் 0. இப்போது `P101_TRIP` = 1 என்று திரையில் பார்ப்பவர் பம்ப் ட்ரிப் ஆகிவிட்டது என்றே நினைப்பார். அந்த டேகை `P101_OL_OK` என்று மாற்றிவிடுங்கள்.