திருப்பூரில் ஒரு சுவிட்ச் பேசிய புரியாத மொழி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் பழைய நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றை அமைக்கப் போயிருந்தேன். லேப்டாப்பிலிருந்து சுவிட்சோடு பேச உதவும் கன்சோல் கேபிளைச் செருகி, வழக்கமான வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் திறந்தால் திரையில் ஒரு எழுத்தும் இல்லை. பத்து நிமிடம் டிரைவரைத் திட்டினேன். அப்புறம்தான் கையில் இருப்பது சாதாரண நெட்வொர்க் கேபிள் என்று கவனித்தேன். இரண்டு முனையிலும் ஆர்ஜே45 இருந்ததால் ஏமாந்துவிட்டேன். அந்த சுவிட்சுக்கு வேண்டியது ரோல்ஓவர் கேபிள். அதில் கம்பிகளின் வரிசை தலைகீழாக இருக்கும்; ஒரு முனையில் 1-ஆம் பின் என்றால் மறுமுனையில் 8-ஆம் பின்.

மாற்றியதும் எழுத்து வந்தது, ஆனால் குப்பையாக. முதலாளி எட்டிப் பார்த்து, "ஏனுங்க தம்பி, மெசின் செத்துப்போச்சுங்களா?" என்றார். "இல்லைங்கண்ணா, உயிரோடதான் இருக்குது" என்றேன். குப்பை வந்தாலே அடாப்டரும் டிரைவரும் ஓரளவு வேலை செய்கின்றன என்று பொருள். மௌனம்தான் எனக்குப் பயம்.

பவரை அணைத்துப் போட்டேன். பூட் ஆகும்போது நீளமான வரிகள் வரவேண்டிய இடத்தில் நாலைந்து குறிகளே விழுந்தன. எதிர்ப்பக்கம் நம்மைவிட வேகமாக அனுப்பினால் பல எழுத்துகள் ஒன்றாக நசுங்கும். மெதுவாக அனுப்பினால் ஒரு எழுத்தே பலவாகச் சிதறும். ஆக, இது 9600-ஐவிட வேகம். பழைய உரிமையாளர் மாற்றி வைத்திருக்க வேண்டும்.

```
screen /dev/ttyUSB0 115200
```

என்டரைத் தட்டியதும் `Switch>` என்று பளிச்சென்று வந்தது. அந்த வேகத்தை அப்படியே விட்டுவிட்டு, "115200" என்று எழுதி சுவிட்சின் தலையில் ஒட்டிவிட்டு வந்தேன்.