சப்ளை செயின், லாஜிஸ்டிக்ஸ், வேல்யூ செயின்: ஒரே நோட்டுப் புத்தகத்தை வைத்து மூன்றையும் பிரித்தறிவது எப்படி?

வணிகவியல், மேலாண்மைத் தேர்வுகளில் இந்த மூன்றையும் வேறுபடுத்திக் காட்டச் சொல்லும் கேள்வி அடிக்கடி வரும். வரையறைகளை மனப்பாடம் செய்தவர்கள்கூட, ஒரு நிகழ்வைக் கொடுத்து "இது எதைச் சேர்ந்தது?" என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். மூன்று வரையறைகளிலும் பொருள், வாடிக்கையாளர், மதிப்பு என்று ஒரே மாதிரியான சொற்கள் வருவதுதான் காரணம். அதனால் இங்கே ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, அதில் மூன்று வெவ்வேறு சிக்கல்களை வரவழைத்துப் பார்ப்போம். எந்தச் சிக்கலை எங்கே போய்த் தீர்க்க வேண்டியிருக்கிறது என்று கவனித்தால் வேறுபாடு பிடிபட்டுவிடும்.

நம் பொருள் ஒரு நோட்டுப் புத்தகம். மரக்கூழ் ஆலை, காகித ஆலை, நோட்டுத் தொழிற்சாலை, மொத்த வியாபாரி, கடை, மாணவர் என்று அதன் பாதை போகிறது. எடுத்துக்காட்டில் வரும் எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை.

படி 1: முதலில் வரையறைகள்

விநியோகச் சங்கிலி, அதாவது சப்ளை செயின்: ஒரு பொருளோ சேவையோ மூலப்பொருள் நிலையிலிருந்து இறுதி நுகர்வோரை அடையும்வரை அதில் பங்கேற்கும் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்த வலையமைப்பு. அந்த நிறுவனங்களுக்கு இடையே பொருள், தகவல், பணம் ஆகிய மூன்றும் ஓடுகின்றன.

லாஜிஸ்டிக்ஸ்: வாடிக்கையாளரின் தேவையை நிறைவேற்றுவதற்காக, பொருள்களும் அவை சார்ந்த தகவலும் தோன்றும் இடத்திலிருந்து நுகரப்படும் இடம்வரை நகர்வதையும் சேமிக்கப்படுவதையும் திட்டமிட்டு, நடத்தி, கட்டுப்படுத்தும் பணி. பொருள் திரும்பி வரும் பயணமும் இதில் அடங்கும். இது விநியோகச் சங்கிலி மேலாண்மையின் ஒரு பகுதி.

மதிப்புச் சங்கிலி, அதாவது வேல்யூ செயின்: ஒரு நிறுவனம் தன் பொருளை வடிவமைத்து, உற்பத்தி செய்து, விற்று, கொண்டுசேர்த்து, விற்பனைக்குப் பின்னும் கவனித்துக்கொள்வதற்காகச் செய்யும் செயல்பாடுகளின் தொகுப்பு. வாங்குபவர் தரத் தயாராக இருக்கும் தொகைக்கும், இந்தச் செயல்பாடுகளின் மொத்தச் செலவுக்கும் உள்ள வித்தியாசமே லாப வரம்பு.

பெயரும் ஆண்டும் கேட்டால் இரண்டு போதும். சப்ளை செயின் மேலாண்மை என்ற தொடரை 1982-இல் பொதுவெளிக்குக் கொண்டுவந்தவர் கீத் ஆலிவர் என்ற ஆலோசகர். மதிப்புச் சங்கிலியை 1985-இல் முன்வைத்தவர் மைக்கேல் போர்ட்டர்.

படி 2: லாஜிஸ்டிக்ஸ் சிக்கல் எப்படி இருக்கும்?

நோட்டுத் தொழிற்சாலைக்கு வாரம் 5 டன் காகிதம் வேண்டும். வருகிற லாரி 10 டன் தாங்கும். ஆக, வாரா வாரம் பாதி லாரி காலியாக வருகிறது, முழு வாடகை போகிறது. மேலாளர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 டன்னாக வரவழைக்க முடிவு செய்கிறார். லாரி வாடகை பாதியாகக் குறைந்துவிட்டது.

சரி, லாபம்தானே என்று நிறுத்திவிடக் கூடாது. கிடங்கைப் பாருங்கள். முன்பு சரக்கு 5 டன்னில் தொடங்கி வாரக் கடைசியில் தீர்ந்தது, சராசரி இருப்பு 2.5 டன். இப்போது 10 டன்னில் தொடங்கித் தீர்கிறது, சராசரி 5 டன். இடம் இரட்டிப்பாக வேண்டும், காகிதத்தில் முடங்கும் பணமும் இரட்டிப்பாகும். காகிதம் ஈரத்தை இழுக்கும் பொருள் என்பதால், அதிக நாள் கிடந்தால் கழிவும் கூடலாம். வாடகையில் மிச்சமானது இந்தக் கூடுதல் செலவைவிட அதிகமாக இருந்தால்தான் முடிவு சரி. போக்குவரத்துச் செலவையும் இருப்புச் செலவையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்ற இந்தக் கணக்குதான் லாஜிஸ்டிக்ஸின் அடிப்படைக் கணக்கு.

இங்கே எழுந்த கேள்விகள் எவ்வளவு, எப்போது, எந்த வண்டியில், எங்கே வைப்பது என்பவை மட்டுமே. லாஜிஸ்டிக்ஸ் என்றால் லாரி மட்டும் என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் உண்டு. கிடங்கு, இருப்பு, கையாளுதல், ஆர்டர் நிறைவேற்றம் எல்லாம் இதற்குள்தான் வருகின்றன.

படி 3: லாரி எல்லாம் சரியாக ஓடினாலும் வருகிற சிக்கல்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்போம். விநியோகச் சங்கிலி லாஜிஸ்டிக்ஸைவிடப் பெரியது என்று எல்லாரும் எழுதுவார்கள். ஏன் பெரியது என்று காட்டுவதில்தான் விடை தனித்து நிற்கும்.

கடையில் வாரம் 100 நோட்டு விற்கிறது. கடைக்காரர், மொத்த வியாபாரி, தொழிற்சாலை மூவரும் இரண்டு வார இருப்பு, அதாவது 200 நோட்டு வைத்திருப்பார்கள் என்று கொள்வோம். ஒரு வாரம் 110 விற்கிறது. வெறும் 10 சதவீத உயர்வு.

கடைக்காரரிடம் இப்போது மீதி 90. விற்பனை இனி 110 என்று நினைத்து, இரண்டு வார இருப்பை 220 ஆக்க விரும்புகிறார். எனவே 130 ஆர்டர் போடுகிறார்.

மொத்த வியாபாரிக்குத் தெரிவது இந்த 130 மட்டும்தான். அதைக் கொடுத்ததும் அவரிடம் மீதி 70. தேவை 130 ஆகிவிட்டது என்று நம்பி, இருப்பை 260 ஆக்க 190 ஆர்டர் போடுகிறார்.

தொழிற்சாலைக்குத் தெரிவது 190. கொடுத்ததும் மீதி 10. இருப்பை 380 ஆக்க வேண்டும் என்று 370 நோட்டு அடிக்கத் திட்டம் போடுகிறது.

கடையில் 10 சதவீதம் கூடியது, தொழிற்சாலையில் 270 சதவீதமாகப் போய் நிற்கிறது. இதை புல்விப் விளைவு என்பார்கள். சாட்டையின் பிடியை லேசாக அசைத்தால் நுனி பலமாக வீசுவதுபோல, கடையிலிருந்து பின்னால் போகப் போக ஆர்டரின் ஏற்ற இறக்கம் பெரிதாகிக்கொண்டே போகிறது. அடுத்த வாரம் விற்பனை திரும்ப 100 ஆனால், 370 அடித்த தொழிற்சாலையில் நோட்டு தேங்கிவிடும்.

இதில் எந்த லாரியும் தாமதமாகவில்லை, எந்தக் கிடங்கும் நிரம்பி வழியவில்லை. ஆர்டர் போட்ட மூவரும் தங்கள் அளவில் நியாயமாகவே நடந்துகொண்டார்கள். தவறியது நிறுவனங்களுக்கு இடையிலான தகவல். கடையின் உண்மையான விற்பனை எண் மொத்த வியாபாரிக்கும் தொழிற்சாலைக்கும் நேரடியாகத் தெரிந்திருந்தால், இருவரும் 110-ஐ வைத்தே இருப்பை 220 ஆக்கப் பார்த்திருப்பார்கள்; வியாபாரி 150 மட்டும் ஆர்டர் போட்டிருப்பார், தொழிற்சாலை 170 மட்டும் அடிக்கத் திட்டமிட்டிருக்கும். இந்தத் தீர்வை எந்த ஒரு நிறுவனமும் தனியாகச் செய்ய முடியாது, சேர்ந்துதான் செய்ய முடியும். அப்படியானால் அது விநியோகச் சங்கிலிச் சிக்கல். இந்தச் சோதனையை நினைவில் வையுங்கள்.

படி 4: நிறுவனத்தின் உள்ளே நுழைந்து பார்ப்பது

இப்போது கடை, வியாபாரி, ஆலை எல்லாரையும் விட்டுவிட்டு நோட்டுத் தொழிற்சாலைக்குள் மட்டும் போவோம். போர்ட்டர் செயல்பாடுகளை இரண்டாகப் பிரித்தார். முதன்மைச் செயல்பாடுகள் ஐந்து: உள்வரும் லாஜிஸ்டிக்ஸ், உற்பத்தி இயக்கம், வெளிச்செல்லும் லாஜிஸ்டிக்ஸ், சந்தைப்படுத்தலும் விற்பனையும், சேவை. துணைச் செயல்பாடுகள் நான்கு: நிறுவனக் கட்டமைப்பு, மனிதவள மேலாண்மை, தொழில்நுட்ப மேம்பாடு, கொள்முதல்.

ஒரு கட்டு நோட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். காகித விலையையும் சேர்த்து உற்பத்திக்கு 73, உள்வரும் லாஜிஸ்டிக்ஸுக்கு 4, வெளிச்செல்லும் லாஜிஸ்டிக்ஸுக்கு 5, விற்பனைக்கு 6, சேவைக்கு 1, துணைச் செயல்பாடுகளுக்கு 6. மொத்தம் 95. லாப வரம்பு 5.

நோட்டின் தாள்கள் பாதி வருடத்தில் கழன்றுவிடுகின்றன என்று வாங்குபவர்கள் சொல்கிறார்கள். தொழிற்சாலை பசை ஒட்டுவதை விட்டுவிட்டு நூல் தையலுக்கு மாறுகிறது. உற்பத்திச் செலவு 2 கூடி மொத்தம் 97 ஆகிறது. ஆனால் தாள் கழலாத நோட்டுக்கு வாங்குபவர் 104 தரத் தயார். லாப வரம்பு 7 ஆகிவிட்டது. லாரி மாறவில்லை, கூட்டாளி நிறுவனமும் மாறவில்லை. நிறுவனத்துக்குள் ஒரு செயல்பாடு மாறியது, வாங்குபவர் கண்ணில் மதிப்பு கூடியது. இது மதிப்புச் சங்கிலி முடிவு. தையலுக்கு மாறியும் வாங்குபவர் அதே 100 தான் தருவார் என்றால் லாப வரம்பு 3 ஆகக் குறைந்திருக்கும். செலவு கூடினால் மதிப்பும் தானாகக் கூடிவிடும் என்று எழுதிவிடாதீர்கள்.

படி 5: குழப்பும் இரண்டு இடங்கள்

முதலாவது, லாஜிஸ்டிக்ஸ் இரண்டு சங்கிலியிலும் தலைகாட்டுகிறது. அதே லாரி வேலைதான், பார்க்கும் கோணம் வேறு. நிறுவனங்களை இணைக்கும் ஓட்டமாகப் பார்த்தால் விநியோகச் சங்கிலியின் பகுதி. ஒரு நிறுவனத்தின் செலவும் மதிப்பும் உருவாகும் இடமாகப் பார்த்தால் மதிப்புச் சங்கிலியின் ஒரு முதன்மைச் செயல்பாடு. ஆகவே மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்களாக வரைவது தவறு. லாஜிஸ்டிக்ஸ் வட்டத்தை விநியோகச் சங்கிலிக்குள் போடலாம், மதிப்புச் சங்கிலியை அதன் மேல் இன்னொரு வட்டமாகப் போடக் கூடாது.

இரண்டாவது, கொள்முதல். காகிதம் வாங்குவது முதல் வேலை என்பதால் அதை முதன்மைச் செயல்பாடு என்று பலர் எழுதுகிறார்கள். போர்ட்டரின் அமைப்பில் அது துணைச் செயல்பாடு. காகிதம் மட்டுமல்ல, இயந்திரம், அலுவலகப் பொருள், விளம்பரச் சேவை என்று எல்லாச் செயல்பாடுகளுக்கும் வாங்குகிற வேலை அது. வாங்கிய காகிதத்தை இறக்கி, சரிபார்த்து, அடுக்கி வைப்பதுதான் உள்வரும் லாஜிஸ்டிக்ஸ்.

படி 6: விடைத்தாளில் எழுதும்போது

இரண்டு மதிப்பெண் கேள்விக்கு வரையறை போதும். பெரிய கேள்வியில் மூன்று வரையறைகளுக்குப் பிறகு எல்லையை முதலில் எழுதுங்கள்: விநியோகச் சங்கிலி பல நிறுவனங்களுக்கு இடையே, லாஜிஸ்டிக்ஸ் அதற்குள் நகர்வும் சேமிப்பும், மதிப்புச் சங்கிலி ஒரு நிறுவனத்தின் உள்ளே. அப்புறம் நோக்கம்: முதலாவதுக்கு ஒருங்கிணைப்பு, இரண்டாவதுக்கு சரியான பொருளைச் சரியான நேரத்தில் குறைந்த மொத்தச் செலவில் சேர்ப்பது, மூன்றாவதுக்கு போட்டி நன்மையும் லாப வரம்பும். ஒரே பொருளை எடுத்துக்காட்டாக மூன்றுக்கும் பயன்படுத்துங்கள். தனித்தனிப் பொருள்கள் காட்டினால் வேறுபாடு பொருளால் வந்ததா, கருத்தால் வந்ததா என்று தெரியாமல் போய்விடும்.

உலகளாவிய மதிப்புச் சங்கிலி என்ற தொடர் கேள்வியில் வந்தால் மட்டும் எல்லையை மாற்றி எழுத வேண்டும். அங்கே வடிவமைப்பு ஒரு நாட்டில், உற்பத்தி இன்னொரு நாட்டில், விற்பனை மூன்றாவது நாட்டில் என்று பல நிறுவனங்கள் வரும். சப்ளையர், நிறுவனம், விற்பனை வழி, வாங்குபவர் ஆகியோரின் மதிப்புச் சங்கிலிகள் கோத்து நிற்பதை போர்ட்டர் மதிப்பு அமைப்பு என்று தனியாகப் பெயரிட்டார். கேள்வியில் அவர் பெயர் இருந்தால், பல நிறுவனங்களைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெயரையே எழுதுங்கள்.