புளூட்டோ உங்கள் லக்னத்தைக் கடக்கும் காலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? ஒரு வேலூர் ஜாதகத்தோடு செய்முறை

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எந்தக் கடையில் பஞ்சாங்கம் வாங்கினாலும் சனிப்பெயர்ச்சி இருக்கும், குருப்பெயர்ச்சி இருக்கும், புளூட்டோ இருக்காது. புளூட்டோவைக் கண்டுபிடித்ததே 1930-ல்தான். மேற்கத்திய ஜோதிடர்கள் அதைச் சேர்த்துக்கொண்டார்கள், நம் மரபில் அதற்கு வீடும் இல்லை, தசையும் இல்லை. ஆகவே நம் ஜாதகத்தை வைத்துக்கொண்டு புளூட்டோவைப் பார்க்க விரும்பினால் கணக்கை நாமே போட வேண்டும். அந்தக் கணக்கில் ஒரே இடத்தில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். அங்கே தவறினால் பலன் பத்துப் பன்னிரண்டு வருடம் தள்ளி விழும்.

புளூட்டோ சூரியனை ஒருமுறை சுற்றி வர ஏறத்தாழ 248 வருடம் ஆகிறது. இப்போதைய நடையில் வருடத்துக்கு இரண்டு பாகைக்கும் சற்றுக் குறைவாக நகர்கிறது. அதனால் ஒரு மனிதரின் வாழ்நாளில் லக்னத்தையோ சூரியனையோ அது நேராகத் தொடுவது ஒருமுறை நடக்கலாம், பலருக்கு நடக்காமலே போகலாம். நடக்கும்போது இரண்டு வருடம் வரை அங்கேயே முன்னும் பின்னும் போய் வரும். ஒருவருடைய பெயர், தொழில், உடல், வீடு என்று அவர் தாங்கி நிற்கும் தூண்களில் ஒன்றைப் பிரித்து மெதுவாக மறுபடி கட்டும் காலம் அது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் பலன்.

எங்கள் பெரியப்பா மகன் ஜாதகத்தை எடுத்துக்கொள்வோம். அண்ணன் அனுமதி கொடுத்த பிறகுதான் எழுதுகிறேன். குடியாத்தத்தில் கைலித் தறி வைத்திருந்த குடும்பம். அவர் பிறந்தது 1982-ல், வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில்.

முதல் படி: பாகையை எடுங்கள்

ஜாதகக் கட்டத்தில் ‘ல’ என்று போட்டிருப்பது மட்டும் போதாது. லக்னம் எத்தனை பாகை, எத்தனை கலை என்று வேண்டும். திருக்கணித முறையில் கம்ப்யூட்டரில் போட்ட ஜாதகம் என்றால் கிரக நிலைப் பட்டியலில் அது இருக்கும். அண்ணனுக்கு தனுசு லக்னம், 24 பாகை. பூராடம் நான்காம் பாதம்.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அவருடைய பழைய ஜாதகத்தில் 25 பாகை என்று இருந்தது. சென்னையில் இருக்கும் மாமா கணித்து வாங்கி வந்தது, பிறந்த ஊர் என்ற இடத்தில் சென்னை என்று போட்டுவிட்டார்கள். சென்னைக்கும் வேலூருக்கும் தீர்க்கரேகையில் ஒரு பாகைக்குச் சற்று மேல் வித்தியாசம், நேரத்தில் நாலரை நிமிடம். லக்னம் நான்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு பாகை நகரும். சனிக்கோ குருவுக்கோ இந்த ஒரு பாகை பெரிய விஷயமில்லை. புளூட்டோவுக்கு ஒரு பாகை என்பது ஆறேழு மாதம். அதனால் பிறந்த ஊரையும் நேரத்தையும் முதலில் சரிபாருங்கள். நேரம் ‘காலை ஏழு, ஏழரை இருக்கும்’ என்கிற அளவில்தான் தெரியும் என்றால் லக்னத்தையும் பத்தாம் வீட்டு உச்சியையும் விட்டுவிடுங்கள். சூரியன், சுக்கிரன், செவ்வாய் மட்டும் பார்க்கலாம், அரை மணி நேரத்தில் அவற்றின் பாகை மாறிவிடாது.

இரண்டாம் படி: அயனாம்சத்தைக் கூட்டுங்கள்

எல்லாரும் தவறும் இடம் இதுதான். நம் ஜாதகம் நிராயன முறையில், அதாவது நட்சத்திரங்களை வைத்து எண்ணும் முறையில் உள்ளது. புளூட்டோவின் நிலை கிடைக்கும் மேற்கத்திய அட்டவணைகள் (`astro.com` தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன) சாயன முறையில், அதாவது பகலும் இரவும் சமமாகும் புள்ளியிலிருந்து எண்ணும் முறையில் உள்ளவை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அயனாம்சம். இன்று லஹிரி அயனாம்சம் 24 பாகையைத் தாண்டிவிட்டது, 1982-ல் 23 பாகை 36 கலை. பிறந்த வருடத்து அயனாம்சத்தைப் பிறந்த நேரத்துக் கிரகத்தோடு கூட்ட வேண்டும்.

தனுசு 24.00 உடன் 23.36 கூட்டினால் 47 பாகை 36 கலை. ஒரு ராசிக்கு 30 பாகை. அதைக் கழித்தால் அடுத்த ராசி, மகரம் 17 பாகை 36 கலை. அட்டவணையில் தேட வேண்டிய எண் இதுதான்.

கூட்டாமல் தனுசு 24 என்றே தேடியிருந்தால் புளூட்டோ அங்கே 2005, 2006-ல் இருந்ததாக அட்டவணை காட்டும். அப்போது அண்ணனுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது, தறி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ‘புளூட்டோ எல்லாம் சும்மா’ என்று மூடி வைத்திருப்போம்.

மூன்றாம் படி: கடக்கும் மாதங்களைக் குறியுங்கள்

புளூட்டோ ஒவ்வொரு வருடமும் ஐந்து மாதத்துக்கு மேல் வக்கிரத்தில் இருக்கும். அதனால் ஒரே பாகையை வழக்கமாக மூன்று முறை கடக்கும். அட்டவணையில் ஒவ்வொரு நாளையும் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வருடத்தில் இரண்டு முறை அது நின்று திரும்பும் இடத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

2016: ஏப்ரலில் மகரம் 17.29-ல் நின்று வக்கிரம் ஆனது, செப்டம்பரில் 14.55-ல் நேராகத் திரும்பியது.
2017: ஏப்ரலில் 19.23, செப்டம்பரில் 16.51.
2018: ஏப்ரலில் 21.17, செப்டம்பர் கடைசியில் 18.45.

அண்ணனின் எண் 17.36. 2016 ஏப்ரலில் புளூட்டோ ஏழு கலை தூரம் வரை வந்து, தொடாமல் திரும்பிவிட்டது. முதல் முறை கடந்தது 2017 ஜனவரி பிற்பகுதி. வக்கிரத்தில் பின்னால் வந்து கடந்தது ஆகஸ்டு தொடக்கம். மறுபடி முன்னால் போய்க் கடந்தது நவம்பர் இறுதி. 2018-ல் அது திரும்பியதே 18.45-ல் என்பதால் அதற்குப் பிறகு தொடவில்லை. சென்னை லக்னத்தை நம்பியிருந்தால் 18.36 வாக்கில் தேடியிருப்போம். அப்போது 2018 செப்டம்பர் இறுதியிலும் அது நெருங்கி வந்து நின்றதாகத் தெரியும், கணக்கு முடியாமல் இன்னும் ஒரு வருடம் இழுத்துக்கொண்டு போகும்.

ஒரு பாகைக்குள் வரும் காலத்தை மட்டும் எடுத்துக்கொள்வது என் பழக்கம். ஐந்து பாகை வரை சேர்ப்பவர்கள் உண்டு. அப்படிச் சேர்த்தால் ஐந்தாறு வருடம் பிடித்துவிடும், அவ்வளவு காலத்தில் யார் வாழ்க்கையிலும் ஏதாவது நடந்தே இருக்கும். அது ஒன்றையும் காட்டாது.

நான்காம் படி: நடந்ததோடு ஒப்பிடுங்கள்

இனி ஜாதகத்தை மூடிவிட்டு அந்த நபரிடம் பேச வேண்டும். எந்த மாதம் என்று முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அவரே தேதிகளை வளைத்துக் கொடுத்துவிடுவார்.

அண்ணன் சொன்னது இது. 2016 சித்திரை வாக்கில் தறிக்கூடம் தனக்கு ஒத்துவரவில்லை என்று முதல்முறையாகத் தோன்றியது, யாரிடமும் சொல்லவில்லை. நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்தது. 2017 பொங்கல் கழிந்ததும் நூல் வியாபாரி கடனுக்கு நூல் தர முடியாது என்று சொல்லிவிட்டார். ஜூலையில் ஜிஎஸ்டி. ஆடி மாதத்தில் எட்டுத் தறியில் ஆறை விற்றார். அது அவரே எடுத்த முடிவு. பெரியம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. கார்த்திகையில் பேரணாம்பட்டில் ஒருவரின் பழுதான தறியைச் சரிசெய்யப் போனார், கூலி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். அதுவரை அவர் கூலி கொடுத்தே பழகியவர்.

ஒரு விஷயத்தை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். பணமதிப்பு நீக்கமும் ஜிஎஸ்டியும் குடியாத்தம் முழுக்கத்தான் வந்தன. தறிக்காரர்கள் எல்லாருக்கும் புளூட்டோ லக்னத்தில் இல்லை. ஆகவே அவற்றை அண்ணன் ஜாதகத்தின் கணக்கில் எழுதக் கூடாது. பக்கத்துத் தறிக்காரர் அதே அடியை வாங்கி, கடன் பட்டு, தறிக்காரராகவே நின்றார். அண்ணன் விஷயத்தில் மாறியது அவர் யார் என்பது. தெருவில் ‘முதலாளி’ என்று கூப்பிட்டவர்கள் ‘மேஸ்திரி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். லக்னம் என்பது ஆள், உடல், பெயர். அங்கே நடந்த மாற்றத்தைத்தான் லக்னத்தின் கணக்கில் எழுத வேண்டும். பத்தாம் உச்சியைத் தொட்டால் பதவியில் பாருங்கள், நான்கில் தொட்டால் வீடு, பெற்றோர், மண். ஏழில் என்றால் துணை, கூட்டாளி.

மூன்று கடத்தலும் ஒரே மாதிரி இருக்காது. முதலாவதில் பெரும்பாலும் வெளியிலிருந்து ஏதோ ஒன்று விரிசல் விடும். வக்கிரத்தில் திரும்பி வரும்போது நாமே கைவிட வேண்டியது எதிரே நிற்கும். மூன்றாவது முறை புதியதன் சின்னத் துண்டு ஒன்று தென்படும், அது அப்போது முக்கியமாகவே தெரியாது. புளூட்டோ என்றாலே மரணம் என்று சொல்லிப் பயமுறுத்துபவர்களை நம்பாதீர்கள். இந்த முறையில் மரணத்தைக் கணிக்க வழியே இல்லை. தசா புத்தியையும் இதோடு கலக்காமல் தனியாகப் பாருங்கள்.

சூரியனுக்கு ஒரு குறுக்கு வழி

சூரியனுக்கு மட்டும் இவ்வளவு கணக்கு வேண்டாம். நம் தமிழ் மாதமே சூரியனின் நிராயன நடை. தமிழ்த் தேதியில் ஒன்றைக் கழித்தால் சூரியனின் பாகை கிட்டத்தட்ட வந்துவிடும். தை 10 பிறந்தவருக்கு மகரத்தில் ஒன்பது பாகை வாக்கில் சூரியன். 2026-ல் புளூட்டோ நிராயனக் கணக்கில் மகரத்தில் ஏறத்தாழ 9 முதல் 11 பாகைக்குள் முன்பின் போய் வருகிறது. ஆகவே தை 10 முதல் 12 வரை பிறந்தவர்களுக்குச் சூரியன் மேல் நேராக நிற்கிறது. ஆடியில் அதே தேதிகளில் பிறந்தவர்களுக்கு எதிரே. சித்திரை, ஐப்பசிக்காரர்களுக்கு 90 பாகையில், அதாவது கேந்திரத்தில். லக்னத்தைத் தொட்டால் பெயரும் உடலும் என்றேன் அல்லவா, சூரியனைத் தொட்டால் தகப்பனாரோடு உள்ள உறவிலும், யாரிடம் தலைவணங்குகிறோம் என்பதிலும் பாருங்கள்.

கடைசியாகக் கடந்த தேதியோடு நோட்டை மூடிவிடாதீர்கள், அதற்குப் பின் இரண்டு மூன்று வருடத்துக்குப் பக்கம் ஒதுக்கி வையுங்கள். அண்ணன் நோட்டில் 2017 நவம்பருக்குப் பிறகு ஒன்றரை வருடம் வெறும் கூலிக் கணக்குதான், கே.வி.குப்பம் 400, பேரணாம்பட்டு 650 என்று. 2019-ல்தான் வீட்டு வாசலில் ஒரு தகரப் பலகை ஏறியது. பெரியப்பா பெயரில் இருந்த பழைய பலகையைக் கழற்றி அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். முதல்முறையாக அவருடைய சொந்தப் பெயர், கீழே ‘தறி ரிப்பேர்’.