புது நோயாளியிடம் நோய் விவரம் கேட்பது எப்படி? நர்சிங் மாணவர்களுக்கு ஒரு செய்முறை

வார்டுக்குப் புதிதாக வந்த ஒருவரிடம் "உங்களுக்கு ஏற்கனவே ஏதாவது நோய் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "ஒண்ணும் இல்லை சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. படுக்கையில் தள்ளுவதுதான் நோய் என்று நினைக்கிறார். தினமும் ஒரு பிரஷர் மாத்திரை போடுவது அவர் கணக்கில் நோயே இல்லை. அதனால் கேள்வியைத்தான் நாம் மாற்ற வேண்டும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டே போவோம். 58 வயது அம்மா ஒருவர், மகளோடு பொது மருத்துவ வார்டில் சேர்ந்திருக்கிறார். மூச்சு வாங்குகிறது, கால் வீங்கியிருக்கிறது.

கேட்பதற்கு முன்

முதலில் அவரைப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, குழப்பமாகப் பேசுகிறார் என்றால் நோட்டை மூடி வையுங்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, டாக்டரைக் கூப்பிட்டு, நாடி, பிரஷர், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் மூன்று கேள்விகள் போதும்: இப்போது என்ன செய்கிறது, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார். மற்றதை நிலைமை சரியான பிறகு கேட்கலாம்.

நம் அம்மா உட்கார்ந்தபடி நன்றாகப் பேசுகிறார். திரையை இழுத்துவிட்டு, ஒரு ஸ்டூலில் அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். உங்கள் பெயரைச் சொல்லி, எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மகள் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் பதில் அம்மாவிடமிருந்து வரட்டும்.

முக்கியத் தொந்தரவு

"என்ன தொந்தரவுன்னு வந்தீங்கம்மா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பாதியில் மடக்கினால் நீங்கள் கேட்டதற்கு மட்டும்தான் பதில் கிடைக்கும்.

"மூச்சு வாங்குதும்மா, கால் ரெண்டும் வீங்கிப்போச்சு" என்கிறார். எவ்வளவு நாளாக? "கொஞ்ச நாளா." இதை எழுதக் கூடாது. நாள் ஞாபகம் இல்லாதவர்களுக்குப் பண்டிகையும் விசேஷமும் ஞாபகம் இருக்கும். "தீபாவளிக்கு நல்லா இருந்தீங்களா? அப்போ கடைக்கு நடந்து போனீங்களா?" என்று பிடித்துக்கொண்டு வந்தால், கால் வீக்கம் 2 வாரமாக, மூச்சு வாங்குவது 10 நாளாக என்று தெளிவாகும். எழுதும்போது அவர் சொன்ன சொல்லும் நாள் கணக்கும் மட்டும். 'இதயச் செயலிழப்பு' என்று நீங்கள் பெயர் வைத்துவிட்டால், அடுத்து வருபவர் அந்தப் பெயரைத்தான் பார்ப்பார், நோயாளியைப் பார்க்க மாட்டார்.

அப்புறம் அந்த ஒரு தொந்தரவை விரித்துக் கேளுங்கள். திடீரென்று வந்ததா, மெல்ல மெல்லவா? எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது? கூடவே இருமல், காய்ச்சல், நெஞ்சு வலி உண்டா? மூச்சுத் தொந்தரவில் விட்டுவிடக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: "படுத்தா எப்படி இருக்கு? எத்தனை தலையணை வைக்கிறீங்க?" அம்மா சொல்கிறார்: "முன்னாடி ஒண்ணு, இப்போ மூணு. அப்படியும் நடு ராத்திரி எழுந்து உட்கார்ந்துடுறேன்." படுத்தால் கூடும் மூச்சு வாங்கலும், நடுத் தூக்கத்தில் எழுப்பும் மூச்சு வாங்கலும் இதயத்தைச் சந்தேகிக்க வைக்கும் விஷயங்கள். தலையணை எண்ணிக்கையை அப்படியே எழுதுங்கள்.

"நெஞ்சு வலி எல்லாம் இல்லைல்ல?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இல்லை" என்பதைத் தவிர வேறு பதில் வராது.

முந்தைய நோய்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். நோயைக் கேட்காமல் மாத்திரையைக் கேளுங்கள். "தினமும் ஏதாவது மாத்திரை போடுறீங்களா? முன்னாடி போட்டு இப்போ நிறுத்தினது ஏதாவது உண்டா?"

"பிரஷருக்குப் போட்டேன். தலைசுத்தல் நின்னுடுச்சுன்னு ரெண்டு மாசமா விட்டுட்டேன்."

"ஒண்ணும் இல்லை" என்றவரிடமிருந்து ஒரு நோய் வெளியே வந்துவிட்டது. "ஏன் நிறுத்தினீங்க?" என்று அதட்டினால் அடுத்த பதில் வராது. தலையாட்டிவிட்டுத் தொடருங்கள்: "மெடிக்கல் ஷாப்ல நீங்களே வாங்குறது, நாட்டு மருந்து, கஷாயம், லேகியம்?" முழங்கால் வலிக்கு ஒரு மாதமாகத் தினம் இரண்டு மாத்திரை வாங்கிப் போடுகிறாராம். பையில் இருக்கும் அட்டையை வாங்கிப் பாருங்கள்: டைக்ளோஃபினாக். இந்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பிரஷரைக் கூட்டும். நிறுத்திய மாத்திரையும் சேர்த்த மாத்திரையும் சேர்ந்து இன்றைய நிலைக்குக் காரணமாக இருக்கக்கூடும். அதை முடிவு செய்வது டாக்டர். பெயர், அளவு, நாள் மூன்றையும் அவருக்குக் கொண்டு சேர்ப்பது நம் வேலை.

அறுவை சிகிச்சையையும் பெயர் சொல்லியே கேளுங்கள். சிசேரியனையும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனையும் பல பெண்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. டிபி என்ற சொல்லுக்குக் கூச்சப்படுபவர்கள் உண்டு, "எப்பவாவது ஆறு மாசம் தொடர்ந்து மாத்திரை சாப்பிட்டதுண்டா?" என்றால் சொல்லிவிடுவார்கள். அலர்ஜி என்று கேட்காமல், "ஊசியோ மாத்திரையோ போட்டு அரிப்பு, தடிப்பு, முகம் வீக்கம் வந்ததுண்டா?" என்று கேளுங்கள். வந்திருந்தால் எந்த மருந்து, என்ன ஆனது என்று இரண்டையும் எழுத வேண்டும். வயிறு எரிந்தது வேறு, உடம்பெல்லாம் தடித்தது வேறு.

குடும்பப் பின்னணி

ஒரு சின்னப் படம் போடுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு, நோயாளிக்கு ஓர் அம்புக்குறி. மேலே பெற்றோர், நடுவே உடன்பிறந்தவர்கள், கீழே பிள்ளைகள். சொந்தத்தில் கல்யாணம் என்றால் இருவருக்கும் இடையே இரட்டைக் கோடு. அத்தை மகன், தாய்மாமன் திருமணங்கள் நம் ஊரில் சகஜம் என்பதால் இதைக் கேட்க மறக்காதீர்கள்.

புதியவர்கள் இங்கே அடிக்கடி தடுமாறுவது கணவரின் சர்க்கரை நோயைக் குடும்ப நோயாக எழுதுவதில். பரம்பரையாக வருவதற்கு ரத்த சொந்தம்தான் கணக்கு. டிபி மாதிரித் தொற்று நோய்க்கு மட்டும் ஒரே வீட்டில் இருக்கும் எல்லாரையும் கேட்க வேண்டும்.

"அப்பா எப்படித் தவறினாங்க?" என்றால், "நல்லாத்தான் இருந்தாரு, தூக்கத்துலயே போயிட்டாரு" என்கிறார். அப்போது வயது என்ன? சுமார் 50. அப்பா, அண்ணன் தம்பிக்கு 55 வயதுக்கு முன்னும், அம்மா, அக்கா தங்கைக்கு 65 வயதுக்கு முன்னும் இதய நோய் வந்திருந்தால் அது தனிக் கவனத்துக்கு உரியது. இங்கே காரணம் உறுதியில்லை. ஆகவே 'மாரடைப்பு' என்று எழுதாமல் 'சுமார் 50 வயதில் தூக்கத்தில் திடீர் மரணம், காரணம் தெரியவில்லை' என்று எழுதுங்கள்.

எழுதி முடித்ததும்

எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். "இதுல ஏதாவது விட்டுப்போச்சா?" என்ற கேள்விக்குச் சில நேரம் புதுத் தகவல் வரும். நம் அம்மாவின் குறிப்பு இப்படி இருக்கும்:

தகவல் தந்தவர்: நோயாளி, மகள். தொந்தரவு: "கால் ரெண்டும் வீங்கிப்போச்சு", 2 வாரம், "மூச்சு வாங்குது", 10 நாள், படுத்தால் கூடுகிறது, 3 தலையணை, இரவில் எழுந்து உட்காருகிறார். முந்தையது: பிரஷர், மாத்திரை நிறுத்தி 2 மாதம், டைக்ளோஃபினாக் தினம் 2, ஒரு மாதமாக, தானே வாங்கியது. மருந்து ஒவ்வாமை: இல்லை என்கிறார். குடும்பம்: தந்தை சுமார் 50 வயதில் திடீர் மரணம், காரணம் தெரியவில்லை.

நிறுத்திய பிரஷர் மாத்திரையையும் வலி மாத்திரையையும் டியூட்டி டாக்டரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள். நோட்டில் இருப்பதை அவர் எப்போது பார்ப்பார் என்று தெரியாது. பையில் மிச்சமிருக்கும் அட்டையை டாக்டரிடம் காட்டிவிட்டு மகளிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் முழங்கால் வலித்ததும் ராத்திரியில் அம்மா ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வார்.