வாட்ஸ்அப்பில் ரெஸ்யூமே அனுப்பும்போது நடக்கும் தவறுகள்

கோவையில் ஒரு கன்சல்டன்சியில் அக்கவுண்டன்ட், பில்லிங் வேலைகளுக்கு ஆள் தேடித் தருவது என் வேலை. விளம்பரம் போட்ட அன்றே போன் நிறைய ரெஸ்யூமே வந்துவிடும். எதையும் திறப்பதற்கு முன்னால் எனக்குத் தெரிவது மெசேஜின் முதல் வரி, ஃபைலின் பெயர், பிடிஎஃப் முதல் பக்கத்தின் மேல்பகுதி, இவ்வளவுதான்.

அடிக்கடி கெடுவது ஃபைல் பெயர். பிரவுசிங் சென்டரில் டைப் அடித்து, கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஃபைல் பல போன்களில் `DOC-20250610-WA0012.pdf` என்ற மாதிரிப் பெயரில்தான் சேமிப்பாகிறது. அதை அப்படியே எடுத்து எனக்கு அனுப்பிவிடுகிறார்கள். நான் அதை கம்பெனி மேனேஜருக்கு ஃபார்வர்டு செய்தால் அவருக்கும் அதே பெயர்தான் போகும். இருபது ஃபைலுக்கு நடுவில் உங்களுடையதை அவர் எப்படித் தேடுவார்? போனின் ஃபைல்ஸ் ஆப்பில் அந்த ஃபைலை அழுத்திப் பிடித்து, ரீநேம் கொடுத்து, `Kavitha_R_Accountant_3Years.pdf` என்பது போல மாற்றுங்கள். `final`, `new`, `(2)` எதுவும் வேண்டாம்.

அப்புறம், ரெஸ்யூமேயைப் போட்டோ எடுத்து கேலரியிலிருந்து அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது சின்ன எழுத்துகள் மங்கிவிடும், ஃபைல் பெயரும் போய்விடும். டாக்குமென்ட் வழியாக பிடிஎஃப் அனுப்புங்கள். வேர்டு ஃபைல் வேறு போனில் திறக்கும்போது கட்டங்கள் கலைந்துபோகலாம்.

மெசேஜுக்கு வருவோம். ஒருவர் காலையில் "ஹாய் சார்" என்று அனுப்பினார். நான் பெண். மதியம் "வேகன்சி இருக்கா" என்றார். இரவில் ஒரு வார்த்தையும் இல்லாமல் ஃபைல் வந்தது. அன்று என்னிடம் நான்கு வேலைகள் இருந்தன. அவர் எதற்குக் கேட்கிறார் என்று தெரியவில்லை. நல்ல அனுபவம் உள்ளவர் என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன், அதற்குள் இடம் நிரம்பிவிட்டது. இன்னும் வருத்தமாக இருக்கிறது. அவர் ஃபைலுக்குக் கீழேயே இப்படி எழுதியிருக்கலாம்:

"பீளமேடு அக்கவுண்டன்ட் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். வணக்கம், என் பெயர் கவிதா. டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்னில் 3 வருட அனுபவம். 15 நாளில் சேர முடியும்."

வேலையின் பெயர் முதலில் இருப்பதால் நோட்டிஃபிகேஷனிலேயே விஷயம் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான்.

பிரிவியூவில் பக்கத்தின் மேல்பகுதி தெரிவதால் அங்கே உங்கள் பெயரும் வேலையும் இருக்கட்டும். சிலர் முதல் பக்கம் முழுக்க "RESUME" என்று பெரிதாகப் போட்டுவிடுகிறார்கள்; யாருடையது என்றே தெரியாது.

அனுப்பிய மெசேஜை 15 நிமிடத்துக்குள் எடிட் செய்யலாம். ஆனால் தப்பான ஃபைல் போனால் டெலிட் செய்வதைத் தவிர வழியில்லை, டெலிட் செய்த தடமும் சாட்டில் நிற்கும். அதனால் முதலில் உங்கள் நம்பருக்கே அனுப்பி, பெயரையும் பிரிவியூவையும் பார்த்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். இந்த முறை கேலரியிலிருந்து இல்லை, ஃபார்வர்டும் இல்லை, பெயர் மாற்றிய ஃபைலை டாக்குமென்ட்டாக.